முகப்படத்தை நெருக்கி வெட்டும்போது தலைக்கு மேல் எவ்வளவு இடம் விடுவது?



ஆண்டு மலர் தயாரிக்கும் பருவம் வந்துவிட்டால் பள்ளிகளில் ஒரே வேலைதான். ஆசிரியர்கள் கைப்பேசியில் எடுத்த மாணவர் படங்களைக் கணினியில் ஏற்றி, சிறு கட்டங்களுக்குள் அடங்குமாறு வெட்டுகிறார்கள். தஞ்சோங் கிளிங் வட்டாரத்திலும் பிற ஊர்களிலும் வெளிவந்த மலர்கள் பலவற்றைப் புரட்டிப் பார்த்தபின் எனக்கு ஓர் எண்ணம் உறுதியாகிவிட்டது. நம் படங்களில் முகம் சிறியதாகத் தெரிவது ஒரு குறை. ஆனால் அதைச் சரிசெய்ய நாம் வெட்டும் முறை அதைவிடப் பெரிய குறை.

பெரும்பாலோர் முகத்தைப் படத்தின் நட்டநடுவில் வைத்து எடுக்கிறார்கள். முகம் சிறியதாக இருக்கிறதென்று தோன்றினால், நான்கு பக்கமும் சம அளவில் வெட்டிவிடுகிறார்கள். அப்போதும் கண்கள் படத்தின் நடுவிலேயே நிற்கின்றன. தலைக்கு மேல் வெற்றுச் சுவர் எஞ்சுகிறது. கீழே தாடையோ ஓரத்தை நெருங்குகிறது. மாணவர் தண்ணீருக்குள் கழுத்தளவு மூழ்கி நிற்பது போன்ற தோற்றம் வருகிறது. இடநெருக்கடி என்று நாம் உணர்வது பெரும்பாலும் இதைத்தான். மேலே இடம் போதாததால் அது வருவதில்லை. தாடைக்குக் கீழே இடம் போதாததால் வருகிறது.

இதற்குக் காரணம் உண்டு. படத்தைப் பார்ப்பவர் முதலில் நாடுவது கண்களை. அடுத்து அந்தத் தலை எதன்மீது அமர்ந்திருக்கிறது என்பதைக் கழுத்தும் தோளும் சொல்ல வேண்டும். கூந்தலின் உச்சி சிறிது வெட்டுப்பட்டாலும் மனம் அதைத் தானே நிறைவு செய்துகொள்கிறது. தோள் இல்லாத தலையை அவ்வாறு நிறைவு செய்ய மனம் தயங்குகிறது. எனவே நெருக்கி வெட்ட வேண்டுமானால், முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியது மேற்பக்கத்தையே.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்காகவே பார்ப்போம். படத்தின் அகலம் 3000 புள்ளி, உயரம் 4000 புள்ளி. மாணவி ஒருத்தி இடுப்பளவு தெரிய அமர்ந்திருக்கிறாள். மேலிருந்து எண்ணினால் உச்சந்தலை 1100இல், கண்கள் 1500இல், தாடை 1900இல். உச்சிக்கும் தாடைக்கும் ஏறத்தாழ நடுவில்தான் கண்கள் இருக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். நமக்கு வேண்டியது நான்குக்கு ஐந்து என்ற அளவுள்ள நிமிர்ந்த படம்.

முதலில் 2000 புள்ளி உயரத்திற்கு வெட்டுவோம். கண்கள் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் நிற்க வேண்டுமானால், வெட்டு ஏறத்தாழ 830இல் தொடங்கும். தலைக்கு மேல் 270 புள்ளி இடம் இருக்கும். கீழே மார்பு வரை தெரியும். நல்ல படம். இன்னும் நெருங்கி, உயரத்தை 1500 ஆக்குவோம். வெட்டு 1000இல் தொடங்கும்; தலைக்கு மேல் 100 புள்ளிதான் மிஞ்சும். ஆயினும் கண்கள் அதே மூன்றில் ஒரு பங்கில் நிற்கின்றன. தாடைக்குக் கீழே 600 புள்ளி உள்ளது. மூச்சு முட்டுவதில்லை. படம் நெருங்க நெருங்கத் தலைக்கு மேலுள்ள இடம் குறைய வேண்டும், கண்ணின் மட்டம் அசையக் கூடாது.

அடுத்த படியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். உயரத்தை 1100 ஆக்கினால் வெட்டு 1130க்கு மேல் தொடங்குகிறது. உச்சந்தலையில் முப்பது புள்ளி மட்டும் சீவப்படுகிறது. இது வேண்டுமென்று வெட்டியதாகத் தெரியாது, கைதவறியதாகவே தெரியும். சரியென்று சற்று மேலே நகர்த்தினால் கூந்தல் ஓரத்தை உரசி நிற்கும். அது இன்னும் மோசம். இந்த இடைப்பட்ட அளவில் நிற்கவே கூடாது என்பது என் கருத்து. 1500இலேயே நின்றுவிடலாம். அல்லது துணிந்து 900க்கு இறங்கலாம். அப்போது வெட்டு 1200இல் விழும். கூந்தலில் நூறு புள்ளி போகும். நெற்றி முழுமையாக நிற்கும். தாடைக்குக் கீழே 200 புள்ளி மிஞ்சும். இது முகத்தையே பார்க்கச் சொல்லும் படம் என்று எவருக்கும் விளங்கும். அகலம் 720 புள்ளிதானே, அச்சில் தாங்குமா என்று கேட்கலாம். அங்குலத்திற்கு 300 புள்ளி என்ற கணக்கில் இரண்டரை அங்குலத்திற்குச் சற்றுக் குறைந்த அகலத்தில் தெளிவாக வரும். மலரின் கட்டத்திற்கு அது தாராளம்.

வெட்டு நெற்றிக்குள் இறங்கக் கூடாது. திருநீறும் பொட்டும் இருக்கும் இடம் அது. கூந்தலைத் தவிர வேறெதையும், அதாவது தலைப்பாகை, சொங்கோக், பாலர் பள்ளிப் பட்டமளிப்புத் தொப்பி ஆகியவற்றை, வெட்டவும் கூடாது. அவை இருக்கும் படத்தில் தலையின் உச்சியை அவற்றின் உச்சியிலிருந்தே அளக்க வேண்டும். கொண்டையில் மல்லிகைச் சரம் வைத்த பிள்ளைக்கும் இதே விதிதான். பூவைப் பாதியாக வெட்டிய படத்தை எந்தத் தாய் விரும்புவார்?

ஒரே பக்கத்தில் ஆறாம் ஆண்டு மாணவர் முப்பது பேரை வரிசையாக அடுக்கும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. எல்லாரையும் உச்சி முதல் தாடை வரை ஒரே அளவாக்கினால், உயர்ந்த கொண்டையும் தலைப்பாகையும் உள்ளவர்களின் முகம் சுருங்கிப்போகும். ஆதலால் கண்ணிலிருந்து தாடை வரையுள்ள தொலைவை எல்லாருக்கும் சமமாக்குங்கள். பிறகு கண்களை ஒரே கோட்டில் நிறுத்துங்கள். தலைக்கு மேலுள்ள இடம் ஆளுக்கு ஆள் வேறுபடட்டும். அதை எவரும் கவனிப்பதில்லை. கண்கள் மேலும் கீழுமாக இருந்தால்தான் வரிசை குலைகிறது. ஜிம்ப் மென்பொருளில் வெட்டுக் கருவியின் வழிகாட்டிக் கோடுகளில் `Rule of thirds` என்பதைத் தேர்ந்தெடுத்தால், மேல்கோட்டின்மீது கண்களை வைக்கலாம்.

முகம் ஒரு பக்கம் திரும்பியிருந்தால், பார்வை செல்லும் திசையில் கூடுதல் இடம் விட வேண்டும். முதுகுப்புறத்தைத் தயங்காமல் வெட்டலாம். இதை மாற்றிச் செய்தால் பிள்ளை சுவரில் முட்டிக்கொண்டு நிற்பது போலிருக்கும்.

மேலே இடம் விடுவது எப்போதும் பிழையா? இல்லை. ஆர்னால்டு நியூமன் 1946இல் இசையமைப்பாளர் ஸ்டிராவின்ஸ்கியை எடுத்த படம் உலகப் புகழ்பெற்றது. அதில் மனிதர் கீழ் மூலையில் சிறியதாக இருக்கிறார். படத்தின் பெரும்பகுதியைப் பியானோவின் திறந்த மூடி நிறைக்கிறது. அதுவும் பெரிய படத்திலிருந்து வெட்டி எடுத்ததே. அங்கே மேலுள்ள இடம் அவருடைய தொழிலைச் சொல்கிறது. நம் மாணவருக்குப் பின்னால் அவர் எழுதிய கரும்பலகை இருந்தால் அதையும் விட்டுவைக்கலாம். வெற்றுச் சுவரும் மின்விசிறியின் இறக்கையும் எதையும் சொல்வதில்லை.

வெட்டித் தீராத படங்களும் உள்ளன. தஞ்சோங் கிளிங் கடற்கரையில் எடுத்தவற்றில் அடிவானக் கோடு பிள்ளையின் கழுத்தையோ காதையோ குறுக்கே அறுத்துச் செல்லும். எவ்வளவு நெருக்கினாலும் அந்தக் கோடு போகாது. எடுக்கும்போதே கருவியைச் சற்று உயர்த்தினால் அடிவானம் தலைக்கு மேல் போய்விடும். தாழ்த்தினால் தோளுக்குக் கீழே இறங்கிவிடும்.

சட்டமிட்டு மாட்டும் படத்திற்கு இவ்வளவு நெருக்கம் ஆகாது. சட்டத்தின் உள்விளிம்பு நான்கு பக்கமும் சில மில்லிமீட்டரை மறைத்துவிடும். அதிலும் மறைந்த தாத்தா பாட்டியின் படத்தைக் குடும்பப் படத்திலிருந்து வெட்டி எடுக்கும் பெற்றோர்கள், தலைக்கு மேலும் தோள்களின் இருபுறமும் தாராளமாக இடம் விடுங்கள். அந்தப் படத்திற்கு மாலை விழும்.