ஸ்பிரிங்கை எடுத்தால் அதிர்வு எங்கே போகும்?

டீசல் கே.டி.எச். வேன் ஒன்றின் கியர் பொக்ஸை இறக்கிப் பார்க்கையில் இரட்டை நிறை பிளைவீல் ஆட்டம் கொடுத்திருந்தால், வரிப்பத்தான்சேனையானாலும் கல்முனையானாலும் கராஜில் எழும் கேள்வி ஒன்றுதான்: புதிதாக அதையே போடுவதா, விலை குறைந்த ஒற்றை பிளைவீலுக்கு மாற்றிவிடுவதா? இதை விலைக் கேள்வியாக மட்டும் பார்ப்பதில்தான் தவறு தொடங்குகிறது. எந்தக் கிளச்சும் இரண்டு வேலைகளைச் சமாளிக்க வேண்டும்: என்ஜினின் அதிர்வை அடக்குவது, வழுக்கும்போது பிறக்கும் வெப்பத்தை வெளியேற்றுவது. ஒரு பாகத்தை எடுக்குமுன் அது செய்த வேலையை இனி எது செய்யும் என்று கேட்க வேண்டும்.

முதலில் அதிர்வு. நான்கு சிலிண்டர் என்ஜினில் கிராங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு வெடிப்புகள். ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 750 சுற்று என்றால் விநாடிக்கு 25 உதைகள். சாதாரண ஒற்றை பிளைவீலில் இந்த உதையைத் தாங்குவது கிளச் பிளேட்டின் நடுவே, ஹப்பைச் சுற்றியுள்ள சிறு சுருள் ஸ்பிரிங்குகள். இடம் குறைவானதால் அவை சில பாகைகளே திரும்பும், விறைப்பாகவும் இருக்கும். அதனால் ஒத்ததிர்வு வண்டி ஓடும் வேகங்களுக்குள்ளேயே வந்து விழுகிறது. இரட்டை நிறை பிளைவீலில் பிளைவீலே இரண்டாகப் பிரிகிறது. முதல் நிறை கிராங்கோடு சேரும். இரண்டாவது நிறை கிளச் பிளேட் அமரும் முகத்தைத் தாங்கும். இடையில் கிறீஸ் நிரம்பிய அறையில் நீண்ட வில் ஸ்பிரிங்குகள் பல பத்துப் பாகைகள் வரை அமுங்கும். ஸ்பிரிங் மென்மையாகி, கியர் பொக்ஸ் பக்கம் நிறையும் கூடுவதால் ஒத்ததிர்வு ஐட்லிங்குக்குக் கீழே தள்ளப்படுகிறது. லுக் நிறுவனம் 1985இல் இதைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டு வந்ததன் பயன் இதுதான். இதோடு வரும் கிளச் பிளேட்டில் பெரும்பாலும் ஹப் ஸ்பிரிங் இருக்காது. உராய்வு லைனிங், அதை ரிவெட் அடித்துத் தாங்கும் அலைவடிவத் தகடு, ஹப் ஆகியவையே இருக்கும்.

ஆகவே ஒற்றை பிளைவீலைப் பூட்டி, பழைய அமைப்பின் ஸ்பிரிங் இல்லாத பிளேட்டையே போட்டால் உதை முழுவதும் கியர் பல்லில் விழும். ஐட்லிங்கில் கியர் பொக்ஸ் கலகலக்கும். கிளச்சை மிதித்ததும் சத்தம் அடங்கும். நாளடைவில் இன்புட் ஷாஃப்டின் பல்வரிகளும் பெயாரிங்கும் தேயும். “மாற்றிய வண்டிகள் ஓடத்தானே செய்கின்றன” என்பது நியாயமான மறுப்பு. பிளைவீல், பிரஷர் பிளேட், ஸ்பிரிங் கொண்ட கிளச் பிளேட் மூன்றும் ஒரே தொகுதியாக, அந்த என்ஜினுக்கென்றே விற்கப்படும் மாற்றுக் கிட் ஓடும். அதிர்வு கொஞ்சம் கூடுமென்று உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதில் குற்றமில்லை. குற்றம் பாதி மாற்றத்தில்தான் இருக்கிறது. புதிய இரட்டை நிறை பிளைவீல் போடுபவரும் பழையது ஏன் போனது என்று பார்க்க வேண்டும். இன்ஜெக்டர்களின் டீசல் அளவு ஒத்துப்போகாவிட்டால் உதைகள் கூடும். பற்றரி பலவீனமாகி ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினால் என்ஜின் அந்தத் தாழ்ந்த ஒத்ததிர்வு வேகத்திலேயே நீண்ட நேரம் நிற்கும். இரண்டும் வில் ஸ்பிரிங்குகளைக் கொல்லும்.

அடுத்தது வெப்பம். உலர் கிளச்சில் அது பிளைவீலின் வார்ப்பிரும்பில் தேங்கி மெதுவாகக் காற்றில் ஆறும். பிளைவீல் முகத்தில் நீலப் புள்ளிகளும் மயிர் வெடிப்புகளும் தெரிந்தால் ஆறுமுன் மீண்டும் வழுக்கியிருக்கிறது என்று பொருள். எண்ணெயில் மூழ்கிய ஈரக் கிளச்சில் ஒயிலே வெப்பத்தைச் சுமந்து போகிறது. அதற்கு விலை உண்டு. உலர் லைனிங்கின் உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.3, ஈரத்தில் 0.1. 300 நியூட்டன் மீற்றர் முறுக்கை 11 சென்ரிமீற்றர் சராசரி ஆரையுள்ள ஒரே உலர் பிளேட், அதன் இரு முகங்களாலும் கடத்த ஏறக்குறைய 4,550 நியூட்டன் அழுத்தம் போதும். அதே அழுத்தத்தில் ஈரக் கிளச்சுக்கு ஆறு முகங்கள், அதாவது மூன்று பிளேட்டுகள் வேண்டும். மோட்டார் சைக்கிளிலும் ஓட்டோவிலும் பல தட்டுகள் அடுக்கப்படுவது இதனால்தான்.

அப்படியானால் எல்லா வண்டிக்கும் ஈரக் கிளச்சே நல்லதல்லவா என்பார்கள். விடுபட்ட நிலையிலும் தட்டுகளுக்கிடையே ஒயில் இழுப்பதால் சக்தி வீணாகும். எரிபொருளை மிச்சப்படுத்தவே சிறிய முறுக்குக்கு உலர் கிளச்சை வைக்கிறார்கள். முதல் தலைமுறை ஹொண்டா வெசெல் ஹைபிரிட்டின் இரட்டைக் கிளச் உலர்வகை; நெரிசலில் ஊர்ந்தால் சூடேறுவது அதற்கான விலை.

ஆகவே ஒன்றின் பழக்கம் மற்றதற்கு ஆகாது. பின் ஒயில் சீல் கசிந்து நனைந்த உலர் பிளேட்டைப் பெற்றோலில் கழுவிப் பூட்டாதீர்கள். லைனிங்குக்குள் ஊறிய ஒயில் சூட்டில் மீண்டும் வெளியே வரும். சீலையும் பிளேட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஈரக் கிளச் உள்ள ஓட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் எரிபொருள் மிச்சப்படுத்தும் கார் ஒயிலை ஊற்றாதீர்கள். அதிலுள்ள உராய்வு குறைக்கும் சேர்மங்கள் தட்டுகளை வழுக்கச் செய்யும். உற்பத்தியாளர் சொன்ன தரத்தில், ஜாசோ எம்.ஏ. என்று குறித்த ஒயிலையே கேட்டு வாங்குங்கள்.