பத்தியத் தட்டில் பருப்பு எங்கே?

பிள்ளை பெற்றவள் காரம் தின்றால் குழந்தைக்கு வயிறு வலிக்கும் என்று சொல்லி, இன்றும் பல வீடுகளில் ரசமும் நெய்ச்சோறும் மட்டுமே போடுகிறார்கள். தண்ணீரையும் அளந்து கொடுக்கிறார்கள். இது தவறு. தாய்ப்பால் இரத்தத்திலிருந்து ஊறுவது. மிளகாயின் எரிச்சல் அப்படியே பாலுக்கு வந்துவிடாது. ஏதாவது ஒன்றைச் சாப்பிடும்போதெல்லாம் குழந்தை சிரமப்பட்டால், அதை மட்டும் நிறுத்திப் பார்த்தால் போதும். நெய்யும் பாலைப் பெருக்காது. ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 130 கலோரி உண்டு, புரதம் கிடையாது. முதல் ஆறு மாதம் தாய்க்கு தினமும் கூடுதலாக 600 கலோரி வரை தேவை. அதைப் பருப்பு, முட்டை, மீன், கீரை, சுண்டல் என்று கூடுதலாக ஒரு வேளை சாப்பாடாகக் கொடுங்கள். தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள். பால் பெருகுவது குழந்தை அடிக்கடி, சரியாகப் பற்றிக் குடிப்பதால்தான். ஐந்தாம் நாளுக்குப் பிறகு தினமும் ஆறு முறையாவது சிறுநீர் போய், எடையும் ஏறினால் பால் போதுகிறது. இல்லையென்றால் தட்டைக் குறை சொல்லாமல், குழந்தை பால் குடிக்கும் விதத்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.