‘பிறகு பேசுவோம்’ என்பதற்கும் ஓர் அதபு உண்டு

மார்ச் மாதத்தில் பொதுத் தேர்வு நெருங்கியதும் நம் பிள்ளைகள் பலர் வாட்ஸ்அப் உரையாடல்களை நிறுத்திவிடுகின்றனர். அலுவலகத்தில் பெரும் பணி வந்து சேர்ந்தால் பெரியவர்களும் அவ்வாறே செய்கின்றனர். அதில் தவறில்லை. ஆனால் ஒரு சொல்லும் சொல்லாமல் மறைந்துவிடுவதுதான், ‘என்ன கோபமோ?’ என்று உறவினரைக் கலங்க வைக்கிறது.

பிறர் இல்லத்தில் அனுமதியின்றி நுழையக் கூடாது என்று கற்பிக்கும் ஸூரா அந்நூர், திரும்பிச் செல்லுமாறு கூறப்பட்டால் திரும்பிவிடுவதே நமக்குத் தூய்மையானது என்கிறது (24:28). ஆக, ‘இப்போது இயலாது’ என்று சொல்லும் உரிமை வீட்டாருக்கு உண்டு. வந்தவர் அதை அவமதிப்பாகக் கொள்ளலாகாது. கைபேசியில் வரும் செய்தியும் கதவைத் தட்டுவது போன்றதே.

உமர் (ரலி) அவர்களின் வாசலில் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் மும்முறை அனுமதி கேட்டார்கள். பதில் இல்லாததால் திரும்பிவிட்டார்கள். அலுவலில் இருந்த உமர் (ரலி) அவர்கள், அது முடிந்ததும், கேட்டது அவருடைய குரல்தானே என்று வினவி, ஆளனுப்பி அழைத்தார்கள். புகாரியில் பதிவாகியுள்ள இந்நிகழ்வில் இரு தரப்புக்கும் பாடம் உள்ளது. தட்டியவர் வற்புறுத்தவில்லை, வேலையில் இருந்தவர், வேலை முடிந்ததும் தாமே தேடினார்.

தேர்வு எழுதும் ஒரு மாணவி தன் மாமிக்கு இவ்வாறு எழுதலாம்: “அஸ்ஸலாமு அலைக்கும் மாமி. 25-ஆம் தேதி வரை பரீட்சை. போனை உம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவசரம் என்றால் உம்மாவைக் கூப்பிடுங்கள். 26-ஆம் தேதி நானே பேசுகிறேன். எனக்காக துஆ செய்யுங்கள்.”

காரணம், முடியும் நாள், அவசர வழி ஆகிய மூன்றும் இதில் உள்ளன. துஆ கேட்டதால் மாமியும் அத்தேர்வில் பங்காளியாகிவிடுகிறார். குடும்பக் குழுவிலிருந்து வெளியேறவும் தேவையில்லை; அறிவிப்பு ஒலியை நிறுத்தினால் அது பிறருக்குத் தெரியாது. ஆனால் மாமிக்கு இவ்வாறு எழுதிவிட்டு அன்றாடம் ஸ்டேட்டஸ் வைத்தால், சொன்ன காரணம் பொய்யாகத் தோன்றும்.

சகோதரரை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுக்குவது ஆகாது என்ற நபிமொழி, சந்திக்கும்போது முகம் திருப்பிக்கொள்வோரைப் பற்றியது. ஸலாம் கூறி விடைபெற்றவர் அவர்களில் ஒருவரல்லர். எனினும் இவ்விடைவெளிக்கும் எல்லை உண்டு. நோயாளியை நலம் விசாரிப்பதும் ஜனாஸாவில் பங்கேற்பதும் ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்யவேண்டிய கடமைகள். அத்தகைய செய்தி உம்மா வழியாக வந்தால், அன்று புத்தகத்தைச் சற்று மூடி ஓர் அழைப்பேனும் விடுப்பதே முறை.

இவை அனைத்தும் மெய்யாவது 26-ஆம் தேதியில்தான். அன்று அழைப்பு போகாவிட்டால், அதுவரை பொறுத்திருந்த மாமிக்குப் பழைய ஐயம் திரும்பிவிடும். நாம் குறித்த நாள் நாம் அளித்த வாக்கு. அதை நிறைவேற்றும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நமக்கு அருள்வானாக!