நாலு வேண்டாம், மூணு போதும்!

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. டஜன் டி-ஷர்ட் கொண்ட பெட்டிகள் 1,213 அனுப்ப வேண்டும். ஒரு டி-ஷர்ட் 178 ரூபாய் என்றால், ஒரு பெட்டி 2,136 ரூபாய். மொத்த பில் எவ்வளவு?

கால்குலேட்டரைத் தட்டினால் நொடியில் விடை வரும். ஆனால், பள்ளியில் படித்த முறையில் போட்டால் என்ன செய்வோம்? கீழே உள்ள ஒவ்வொரு இலக்கத்தாலும் மேலே உள்ள ஒவ்வொரு இலக்கத்தையும் பெருக்குவோம். நான்கு இலக்கம், நான்கு இலக்கம்... மொத்தம் 16 சின்னப் பெருக்கல்கள். எட்டு இலக்கம் என்றால் 64. எண்ணின் நீளம் இரண்டு மடங்கானால், வேலை நான்கு மடங்காகிவிடும்.

இதைவிடக் குறைக்கவே முடியாது என்றுதான் பெரிய கணித மேதைகளும் நம்பினார்கள். 1960-ல் மாஸ்கோ பல்கலைக்கழகக் கருத்தரங்கு ஒன்றில் ரஷ்யக் கணித மேதை கோல்மகோரவ் இந்த நம்பிக்கையைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் 23 வயது அனதோலி கரட்சுபா. ஒரே வாரத்தில் அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கும் வழியோடு அவர் வந்து நின்றார்! 1962-ல் அது கட்டுரையாக வெளிவந்தது.

அந்த வழியை நம் பில்லிலேயே போட்டுப் பார்ப்போம்.

இரண்டு எண்களையும் வலப்பக்கத்திலிருந்து இரண்டு இலக்கம் விட்டு வெட்டிக்கொள்ளுங்கள். 1,213 என்பது 12, 13 ஆகும். 2,136 என்பது 21, 36 ஆகும். இடப்பக்கத் துண்டுகள் எல்லாம் நூறுகள். வலப்பக்கத் துண்டுகள் வெறும் ஒன்றுகள்.

வழக்கமாக இந்தத் துண்டுகளை நான்கு முறை பெருக்க வேண்டும். இடத்தை இடத்தோடு, வலத்தை வலத்தோடு, அப்புறம் குறுக்காக இரண்டு: 12-ஐ 36-ஆல், 13-ஐ 21-ஆல். கரட்சுபா கவனித்த விஷயம் இதுதான்: குறுக்குப் பெருக்கல்கள் இரண்டுமே நூறாவது இடத்தில்தான் போய்ச் சேருகின்றன. அதனால் அவை தனித்தனியாகத் தேவையில்லை. அவற்றின் கூட்டுத்தொகை தெரிந்தால் போதும்.

அந்தக் கூட்டுத்தொகையை ஒரே பெருக்கலில் எடுப்பது எப்படி?

முதலில் இடமும் இடமும்: 12 × 21 = 252.
அடுத்து வலமும் வலமும்: 13 × 36 = 468.
மூன்றாவதாக, ஒவ்வொரு எண்ணின் துண்டுகளையும் கூட்டிப் பெருக்குங்கள்: 12 + 13 = 25; 21 + 36 = 57; 25 × 57 = 1,425.

இந்த 1,425-க்குள் நான்கு பெருக்கல்களும் ஒளிந்திருக்கின்றன. இரண்டு ஏற்கெனவே நம் கையில் இருக்கின்றன. அவற்றைக் கழித்துவிட்டால், 1,425 - 252 - 468 = 705. இதுதான் இரண்டு குறுக்குப் பெருக்கல்களின் கூட்டுத்தொகை. சந்தேகமா? 12 × 36 = 432, 13 × 21 = 273; கூட்டினால் அதே 705!

இனி இடம் பார்த்து அடுக்க வேண்டியதுதான். 252-க்குப் பின்னால் நான்கு சைபர், 705-க்குப் பின்னால் இரண்டு சைபர், 468 அப்படியே. 25,20,000 + 70,500 + 468 = 25,90,968 ரூபாய். பில் ரெடி.

பிழை வருவது பெரும்பாலும் சைபரில்தான். 705-க்கு ஒரே ஒரு சைபர் போட்டுவிட்டால் 25,27,518 வரும். இலக்கங்களைக் கூட்டி ஒன்பதால் சரிபார்க்கும் பழைய வழி இந்தத் தப்பைக் காட்டிக்கொடுக்காது. சரியான விடையும் தவறான விடையும் இரண்டுமே 3 என்றுதான் வரும். அதற்கு ஒரு தோராயக் கணக்கு போதும். 1,200 பெட்டிக்கே 25,63,200 ரூபாய் ஆகிறது. 1,213 பெட்டிக்கு அதைவிடக் குறைவாக எப்படி வரும்?

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இரண்டு எண்களையும் ஒரே இடத்தில்தான் வெட்ட வேண்டும். ஒரு எண் 213 என்றால், அதை 2, 13 என்று பிரிக்க வேண்டுமே தவிர 21, 3 என்று பிரிக்கக் கூடாது.

சரி, ஒரு பெருக்கல் மிச்சமானதற்கு இவ்வளவு கூட்டல், கழித்தலா? நியாயமான கேள்வி. பில் போடுகிறவருக்கு இதில் லாபம் இல்லைதான். துண்டுகளையும் இதே போல மறுபடி மறுபடி வெட்டும்போதுதான் லாபம் தெரியும். நீளம் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும், வேலை நான்கு மடங்குக்குப் பதில் ஏறக்குறைய மூன்று மடங்குதான் ஆகிறது. 1,024 இலக்க எண்கள் இரண்டைப் பள்ளி முறையில் பெருக்க 10,48,576 சின்னப் பெருக்கல்கள் வேண்டும். கடைசி இலக்கம் வரை வெட்டிக்கொண்டே போனால் சுமார் 59,000 போதும்.

கம்ப்யூட்டரும் இதே கணக்குப் பார்த்துத்தான் முறையைத் தேர்ந்தெடுக்கிறது. பைத்தான் மொழி சிறிய எண்களுக்குப் பள்ளி முறையையே வைத்துக்கொள்கிறது. எண்கள் சுமார் 600 இலக்கத்தைத் தாண்டும்போதுதான் கரட்சுபாவின் முறைக்கு மாறுகிறது. நான்கு இலக்க பில்லுக்கு வாய்பாடு. பக்கம் பக்கமாக நீளும் எண்ணுக்கு மூன்று பெருக்கல்!