மூன்று கைப்பேசி, ஒரே சலங்கையொலி

ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவானாலும் பள்ளி ஆண்டுவிழாவானாலும், மேடையில் பிள்ளைகள் ஏறியதும் பெற்றோர் கைகளில் கைப்பேசிகள் உயர்ந்துவிடும். கிளமெண்டியில் ஒரு பள்ளி மண்டபத்தில் 40 நிமிட நிகழ்ச்சி நடப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கைப்பேசி பின்வரிசையில் முக்காலியில் நின்று முழு மேடையையும் எடுக்கிறது. இன்னொன்று முன்வரிசையின் இடப்பக்கத்தில் இருக்கிறது. மூன்றாவது ஓர் அப்பாவின் கையில். அவர் மகள் ஆடும்போது மட்டும் எடுக்கிறார். இந்த மூன்றையும் ஒரே நிகழ்ச்சியாகத் தொகுக்க முடியும். ஆனால் பரதநாட்டியத்தில் கால் தரையில் படும் நொடியும் ஜதி ஒலிக்கும் நொடியும் விலகினால், பிழை தொகுப்பில் இருந்தாலும் குழந்தைதான் தாளம் தப்பியதாகத் தெரியும்.

முதலில் மூலக் கோப்புகளைப் பெறுங்கள். வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் தரம் சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது கூகல் டிரைவில் ஏற்றச் சொல்லுங்கள்.

தொகுக்க டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும். மூன்று கோப்புகளையும் தேர்ந்தெடுத்து, வலச்சொடுக்கில் Create New Multicam Clip Using Selected Clips என்பதை அழுத்துங்கள். Angle Sync என்ற இடத்தில் Sound என்று வையுங்கள். மென்பொருள் ஒவ்வொரு கைப்பேசியிலும் பதிவான ஒலியின் ஏற்ற இறக்கங்களை ஒப்பிட்டு, அவை எங்கே பொருந்துகின்றனவோ அங்கே படங்களை நிறுத்தும். கோடம்பாக்கத்தில் படக்காட்சியின் தொடக்கத்தில் தட்டும் ‘கிளாப்’ பலகை செய்யும் வேலையை இங்கே மண்டபத்தின் ஒலி முழுவதும் செய்கிறது.

பொருந்திவிட்டதா என்று அறியக் காதே போதும். இரண்டு பதிவுகளின் ஒலியையும் சேர்த்து ஓடவிடுங்கள். சரியாக இருந்தால் ஒரே குரல் கேட்கும், விலகியிருந்தால் எதிரொலி கேட்கும். கையில் எடுத்த குறும்பதிவைக் கூடுதலாகக் கவனியுங்கள். ஒரே பல்லவி திரும்பத் திரும்ப வரும் பாடலில், 15 விநாடித் துண்டு தவறான சுற்றில் போய் ஒட்டிக்கொள்ளலாம்.

இந்தச் சோதனையைத் தொடக்கத்தில் மட்டுமல்ல, 38ஆவது நிமிடத்திலும் செய்யுங்கள். தொடக்கத்தில் பொருந்தியிருந்த படமும் ஒலியும் அங்கே விலகியிருந்தால், பெரும்பாலும் காரணம் சட்டக வேகம்தான். மண்டபத்தில் விளக்கை மங்கவைத்ததும், பல கைப்பேசிகள் வெளிச்சம் போதாமல் விநாடிக்கு 30 படங்களிலிருந்து 24 வரை தாமாகவே இறக்கிக்கொள்கின்றன. வேகம் மாறிக்கொண்டே இருக்கும் கோப்பைத் தொகுப்பு மென்பொருள் சீரானதாக எடுத்துக்கொள்ளும்போது படமும் ஒலியும் பிரிகின்றன. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் Video பகுதிக்குச் சென்று, வேகத்தை 30 ஆகவும் முறையை Constant Framerate ஆகவும் வைத்துக் கோப்பை மாற்றி, பிறகு மீண்டும் பொருத்துங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு சிறு விலகல் எஞ்சும். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. முன்வரிசையிலிருந்து 20 மீட்டர் பின்னால் நிற்கும் கைப்பேசிக்கு அது ஏறத்தாழ 0.06 விநாடி, அதாவது இரண்டு படங்கள், தாமதமாகச் சேர்கிறது. ஒளிக்கு அந்தத் தாமதம் இல்லை. ஒலியை வைத்துப் பொருத்தும்போது, பின்வரிசைப் படம் முன்வரிசைப் படத்தைவிட இரண்டு படங்கள் முந்திவிடும். பாட்டுக்கு இது பெரிதல்ல, ஆட்டத்துக்குப் பெரிது. தொகுப்பை Open in Timeline வழியாகத் திறந்து, பின்வரிசைத் துண்டைத் தேர்ந்தெடுத்து, முற்றுப்புள்ளி விசையை இருமுறை தட்டினால் அது இரண்டு படங்கள் பின்னுக்கு நகரும். கால் தரையில் படும் ஓர் இடத்தை இரு கோணங்களிலும் ஒப்பிட்டு உறுதிசெய்யுங்கள்.

பிறகுதான் வெட்டும் வேலை. பார்வைத் திரையை Multicam நிலையில் வைத்து, நிகழ்ச்சி ஓடும்போதே 1, 2, 3 விசைகளால் கோணம் மாற்றலாம். ஒலியை மட்டும் மாற்றாதீர்கள். ஒலிபெருக்கியின் அருகே தெளிவாகப் பதிவான ஒரு கைப்பேசியின் ஒலியையே முழுவதும் வைத்து, படத்தை மட்டும் மாற்றுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு வெட்டிலும் மண்டபம் சட்டென்று மாறியதுபோல் கேட்கும்.

அடுத்த விழாவில் இந்த வேலை பாதியாகக் குறைய, மூவரும் கைப்பேசியில் 30 என்ற ஒரே வேகத்தைத் தேர்ந்தெடுத்து, தானாகக் குறைக்கும் வசதியை நிறுத்துங்கள். ‘விமானப் பயன்முறை’யில் வைத்தால் அழைப்பு வந்து பதிவு நிற்காது. கைப்பேசியில் எடுப்பவர், தம் பிள்ளை மேடையேறுவதற்கு ஒரு நிமிடம் முன்பே பதிவைத் தொடங்கிவிடட்டும். அந்த ஒரு நிமிட ஒலிதான் அவருடைய துண்டைச் சரியான இடத்தில் நிறுத்தும்.