இரண்டு சீட்டு, ஒரு சங்கிலி

நகைக்கடன் கிளைக்கு ஆடிட்டர் வந்தால் எதைப் பார்ப்பார்? கணக்குப் புத்தகத்தைத்தான் பார்ப்பார் என்று நாம் நினைப்போம். நகைக்கடனில் கணக்குப் புத்தகம் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். தவறு எடையிலும் மாற்றிலும் ஒளிந்திருக்கும். ஒரு நகையை அடகு வைக்கும்போது ஒரு சீட்டு எழுதுகிறார்கள். அதே நகை ஏலத்துக்குப் போகும்போது இன்னொரு சீட்டு எழுதுகிறார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் ஆடிட்டரின் முக்கியமான வேலை. முதல் சீட்டின் நகல் உங்களிடமும் இருக்க வேண்டியது என்பதால், அந்த வேலையில் பாதியை நீங்களே செய்யலாம்.

இது சின்ன விஷயம் இல்லை. 2024 மார்ச் 4 அன்று ரிசர்வ் வங்கி ஐஐஎஃப்எல் ஃபைனான்ஸ் நிறுவனத்தைப் புதிதாக நகைக்கடன் கொடுக்கக் கூடாது என்று நிறுத்தியது. அப்போது சொன்ன காரணங்களில் முதலாவதே இதுதான்: கடன் கொடுக்கும்போதும், தவணை தவறி ஏலம் விடும்போதும், தங்கத்தின் மாற்றையும் நிகர எடையையும் சோதித்துச் சான்று தருவதில் பெரிய விலகல்கள். ஏல நடைமுறையைச் சரியாகப் பின்பற்றவில்லை, சட்டம் அனுமதித்த அளவுக்கு மிக அதிகமாக ரொக்கம் புழங்கியது, வாடிக்கையாளர் கணக்கில் போட்ட கட்டணங்களில் வெளிப்படை இல்லை என்பவையும் பட்டியலில் இருந்தன. குறைகளைச் சரிசெய்த பிறகு அந்த ஆண்டு செப்டம்பர் 19 அன்று தடை நீங்கியது. செப்டம்பர் 30 அன்று எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக ஒரு சுற்றறிக்கை வந்தது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் நகையை மதிப்பிடுவது, ஏலத்தில் வெளிப்படை இல்லாதது ஆகிய இரண்டும் அதிலும் இருந்தன. ஒரு நிறுவனத்தோடு முடிகிற கதை இல்லை என்பது அதிலேயே தெரிகிறது.

சரி, எடையில் ஒன்றிரண்டு கிராம் மாறினால் என்ன ஆகிவிடும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அனுப்பம்பட்டில் ஓர் அக்கா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்கிறவர். வீட்டுச் செலவுக்குப் பணம் வேண்டும். கல் பதித்த டாலரோடு கூடிய சங்கிலியை எடுத்துக்கொண்டு பொன்னேரியில் உள்ள ஒரு கிளைக்குப் போகிறார். தராசில் மொத்த எடை 24 கிராம், அதாவது மூன்று பவுன். கல்லுக்கும் அரக்குக்கும் ஒன்றரை கிராம் கழித்தால் நிகர எடை 22.5 கிராம். மாற்று 22 கேரட். கணக்கு சுலபமாக இருக்க, கிராம் 10,000 ரூபாய் என்று எடுத்துக்கொள்வோம். மதிப்பு 2,25,000 ரூபாய்.

இதில் எவ்வளவு கடன் தரலாம்? 2025 ஜூன் 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட புதிய விதிகளின்படி, 2.5 லட்சம் வரையிலான நுகர்வுக் கடனுக்கு மதிப்பில் 85 சதவீதம்தான் உச்சம். 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லோரும் இந்த விதிகளுக்கு மாற வேண்டும் என்று கெடு வைக்கப்பட்டது. வருஷக் கடைசியில் மொத்தமாகத் திருப்புகிற கடனில், வட்டியும் சேர்த்துத்தான் அந்த 85 சதவீதம். ஆக உச்சம் 1,91,250 ரூபாய். வட்டி 12 சதவீதம் என்றால், அக்கா கையில் 1,70,000 ரூபாய் வரை வாங்கலாம். வருஷம் முடிந்தால் கட்ட வேண்டியது 1,90,400.

இப்போது வருஷம் முடிந்துவிட்டது, பணம் கட்ட முடியவில்லை, நகை மூழ்கும் நிலை. தங்கத்தின் விலை மாறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஏலத்துக்குக் குறைந்தபட்ச விலை ஒன்று வைக்க வேண்டும். அது அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 2,25,000-ல் 90 சதவீதம் 2,02,500. கடன் போக 12,100 ரூபாயாவது அக்காவுக்குத் திரும்பி வர வேண்டும்.

ஆனால் ஏலத்துக்கு முன் எழுதிய சீட்டில் நிகர எடை 21 கிராம், மாற்று 20 கேரட் என்று இருந்தால்? மதிப்பு சுமார் 1,90,900 ரூபாய்தான். குறைந்தபட்ச விலை 1,71,800 ஆகிவிடும். அந்த விலைக்கு ஏலம் முடிந்தால் மிச்சம் வருவதற்குப் பதில், இன்னும் 18,600 ரூபாய் பாக்கி என்று நோட்டீஸ் வரும். சங்கிலி அதேதான். மாறியது ஒன்றரை கிராமும் இரண்டு கேரட்டும். அக்காவுக்கு நஷ்டம் முப்பதாயிரத்துக்கு மேல். நகையை எடுத்தவருக்கு அது லாபம். ஒரே ஆள் அடிக்கடி ஏலம் எடுக்கிற கிளையில் ஆடிட்டர் கூடுதல் நேரம் உட்காருவது இதனால்தான். கடன் கொடுத்த நிறுவனமே தன் ஏலத்தில் கலந்துகொள்ளக் கூடாது என்பதும் விதி.

தவறு எதிர்ப்பக்கமும் நடக்கும். அடகு வைக்கும்போது கல் எடையைக் கழிக்காமல் 24 கிராமையும் தங்கமாக எழுதினால், அக்காவுக்குக் கூடுதலாகப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கடன் கிடைக்கும். சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் கட்ட வேண்டிய தொகை உண்மையான மதிப்பில் 90 சதவீதத்தைத் தாண்டிவிடும். தங்கம் கொஞ்சம் இறங்கினாலே கடன் நகையை விழுங்கிவிடும். மாத இலக்கை எட்ட வேண்டிய கிளையில் இப்படித் தாராளமாக எழுதும் ஆசை வரும். ஏலத்தில் எடை குறைந்ததற்கும் சில நேரம் இதுவே காரணம். முதல் சீட்டே பொய்யாக இருந்திருக்கும்.

எந்தச் சீட்டு பொய் என்று ஆடிட்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? சொல்லாமல் கொள்ளாமல் வந்து, நேராக ஸ்ட்ராங் ரூமுக்குப் போகிறார். அங்கே இரண்டு சாவி இருக்க வேண்டும், இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். ஒருவர் லீவு என்பதால் இரண்டும் ஒருவரிடமே இருந்தால், மற்றதெல்லாம் அப்புறம், அதுவே முதல் குறிப்பு. கேமராவும் அலாரமும் எவ்வளவு இருந்தாலும், உள்ளே இருப்பவர்களை நன்றாகத் தெரிந்தவருக்கு அவை பெரிய தடை இல்லை. 2022 ஆகஸ்டில் சென்னை அரும்பாக்கத்தில் ஒரு நகைக்கடன் கிளையிலிருந்து முப்பது கிலோவுக்கு மேல் நகை போனதே, அந்த வழக்கில் சிக்கியவர் அதே நிறுவனத்தில் வேலை பார்த்தவர்தான்.

அடுத்து, நடப்பில் உள்ள கடன்களின் எண்ணிக்கையும் பெட்டகத்தில் உள்ள கவர்களின் எண்ணிக்கையும் ஒன்றா என்று எண்ணுவார். சீல் வைத்த கவரை அப்படியே தராசில் வைத்து, கவரின் மேல் எழுதிய எடையோடு ஒப்பிடுவார். பிறகு அவராகவே சில கவர்களைத் தேர்ந்தெடுத்து, சாவிக்காரர்கள் இருவர் முன்னிலையில் பிரிப்பார். எந்தக் கவர் என்பதைக் கிளை தேர்ந்தெடுத்தால் அந்தச் சோதனைக்கு அர்த்தம் இல்லை.

மாற்றுப் பார்ப்பது இதைவிடக் கஷ்டம். உரைகல்லில் தேய்த்து ஆசிட் வைத்தால் மேல்பரப்பு தெரியும். கேரட் மெஷினும் மேல்பரப்பைத்தான் படிக்கும். உள்ளே வெள்ளியோ செம்போ வைத்து மேலே கனமாகத் தங்கம் ஏற்றிய வளையல் இரண்டையும் ஏமாற்றிவிடும். அதற்குத் தண்ணீரில் எடை போடும் வழி உண்டு. 22.5 கிராம் உள்ள 22 கேரட் கெட்டி நகை, தண்ணீருக்குள் ஏறத்தாழ 1.3 கிராம் குறைவாகக் காட்டும். அதே எடையுள்ள வெள்ளி இரண்டு கிராமுக்கு மேல் குறைத்துக் காட்டும். ஆனால் கல்லும் அரக்கும் உள்ள நகையில் இது பலிக்காது, உள்கூடான நகையிலும் பலிக்காது. நம் வீட்டு நகைகளில் பல அப்படிப்பட்டவைதான் என்பதால், கடைசியில் ஓர் இடத்தில் அராவிப் பார்க்க வேண்டி வரும். அதைச் செய்ய வாடிக்கையாளர் எதிரில் இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இந்தச் சோதனையில் எடையோ மாற்றோ வித்தியாசப்பட்டால் முன்பெல்லாம் கிளைக்குள்ளேயே பேசி முடித்துவிட முடிந்தது. புதிய விதிகளில் அதற்கு இடமில்லை. ஆடிட்டில் தெரிந்தாலும் சரி, நகையைத் திருப்பும்போதோ ஏலத்தின்போதோ தெரிந்தாலும் சரி, அதைப் பதிவு செய்து கடன் வாங்கியவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும், ஈடுகட்டும் வழியையும் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால் அந்த விதித்தொகுப்பில் உள்ள மிக நல்ல வரி இதுதான். ஆனால் கையில் முதல் சீட்டு இல்லாதவருக்கு இந்த வரியால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஆகவே கவுண்டரில் கேளுங்கள்: “சார், கல்லுக்கு எவ்வளவு கழிச்சீங்க?” நகையைச் சோதிக்கும்போது நீங்கள் எதிரிலேயே இருக்க வேண்டும், கழிவை உங்களுக்கு விளக்க வேண்டும் என்பது விதி. மொத்த எடை, நிகர எடை, கேரட், கழிவு, மதிப்பு, நகையின் படம் எல்லாம் உள்ள சான்று உங்களுக்குத் தர வேண்டும். எழுத்து தெரியாத அம்மாவாக இருந்தால், கிளை ஊழியர் அல்லாத ஒரு சாட்சியின் முன் நிபந்தனைகளை விளக்க வேண்டும். மகனையோ பக்கத்து வீட்டுப் பெண்ணையோ கூட்டிப்போவது நல்லது.

ஏல நோட்டீஸ் வந்தால் பதறிக் கிழித்துப் போடாதீர்கள். ஏல விளம்பரம் இரண்டு பத்திரிகையில் வர வேண்டும், ஒன்று வட்டார மொழியில். குறைந்தபட்ச விலையை எந்த எடைக்கு, எந்தக் கேரட்டுக்கு வைத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டு முறை ஏலம் போகாமல் நின்றிருந்தால்தான் 90 சதவீதம் 85 ஆகலாம். ஏலம் முடிந்து முழுப் பணமும் நிறுவனத்துக்கு வந்தபின், மிச்சத்தை ஏழு வேலை நாளுக்குள் உங்களுக்குத் தர வேண்டும். கடனை அடைத்துவிட்டவருக்கு நகையை அன்றே, அதிகபட்சம் ஏழு வேலை நாளுக்குள் தர வேண்டும். நிறுவனத்தின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு.

இதெல்லாம் வங்கிக்கும் ரிசர்வ் வங்கியின் கீழ் வரும் நிதி நிறுவனங்களுக்கும்தான். தெருமுனை அடகுக் கடைக்கு 1943-ஆம் ஆண்டின் அடகுக்கடைச் சட்டம் தனியாக இருக்கிறது, அதை இன்னொரு வாரம் பார்ப்போம். வங்கியிலோ நிறுவனத்திலோ கொடுத்த எழுத்துப் புகாருக்கு 30 நாளில் பதில் இல்லை என்றால் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448. இரண்டு சீட்டையும் போனில் படமெடுத்து, புகாரோடு இணையுங்கள்.