பொன் ஏறிற்று, பணம் போயிற்று!



விலை ஏறினால் வாங்கியவனுக்கு இலாபம், இறங்கினால் நட்டம். நம் வீட்டுப் பாட்டிமார் அறிந்த தங்கக் கணக்கு இதுதான். ஆனால் தங்கம் ஏறும் என்று ஒருவன் கணிக்கிறான், அவன் கணித்தபடியே தங்கமும் ஏறுகிறது, அவனோ கட்டிய பணத்தை இழந்து நிற்கிறான். இப்படியும் நடக்குமா என்று கேட்பீர்கள். நடக்கும். கைப்பேசித் திரையிலே, கடன் வசதியோடு, தரகர் மூலம் நடைபெறும் தங்க வணிகத்தில் அதுதான் பெருவழக்கு!

மூலக்குளத்து இளைஞன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். உண்மையில் இருப்பவன் அல்லன், கணக்குக்காக நாம் படைத்துக்கொண்டவன். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை. 2025 அக்டோபர் 20, தீபாவளித் திருநாள். போனஸும் சீட்டுப் பணமுமாக 44,000 ரூபாய் கையிலே. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 500 டாலர். அந்த ஆண்டு முழுவதும் தங்கம் தாவித் தாவி ஏறியதை அவன் கண்டவன். ஆசை பிறப்பதிலே வியப்பென்ன?

அந்தப் பணத்தோடு அவன் வில்லியனூர் சாலையில் உள்ள நகைக்கடைக்குச் சென்றிருந்தால் மூன்றரைக் கிராம் கிடைத்திருக்கும், அரைப் பவுன்கூட அன்று. அவனோ XAUUSD என்னும் எழுத்துகள் மின்னும் திரைக்குச் சென்றான். அவுன்சு 4,350 டாலர். 'நூறு மடங்கு லீவரேஜ்' தருகிறோம் என்கிறார் தரகர். 435 டாலரைப் பிணையாக வைத்தால் 43,500 டாலர் பெறுமான தங்கத்தின் ஏற்ற இறக்கம் உன்னுடையது என்பது அதன் பொருள். பத்து அவுன்சு, அதாவது 311 கிராம். பவுன் கணக்கில் ஏறத்தாழ 39 பவுன்! அரைப் பவுன் வாங்க வக்கில்லாத பணம் 39 பவுனின் பாரத்தைச் சுமக்கப் புறப்படுகிறது.

இனி விலை ஒரு டாலர் அசைந்தால் அவன் கணக்கிலே பத்து டாலர் அசையும். கணக்கில் எஞ்சும் தொகை பிணைத் தொகையின் பாதிக்கு இறங்கினால், தரகரின் இயந்திரம் அவனைக் கேளாமலே வணிகத்தை முடித்துவிடும். பல தரகர்கள் வைத்திருக்கும் விதி இது, 'ஸ்டாப் அவுட்' என்பது அதன் பெயர். 435-இல் பாதி 217. ஆக, 282 டாலர் நட்டம் வந்ததும் கதை முடிந்தது. அதற்கு விலை எவ்வளவு இறங்க வேண்டும்? அவுன்சுக்கு 28 டாலர். நூற்றுக்கு முக்கால் பங்குகூட இல்லை! தங்கம் அன்றாடம் மூச்சு விடுகிற அளவு அது.

மறுநாள், அக்டோபர் 21 அன்று, தங்கம் ஒரே நாளில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வீழ்ந்தது. 200 டாலருக்கு மேற்பட்ட வீழ்ச்சி. அதன் முதற்படியிலேயே நம் இளைஞன் வெளியே தள்ளப்பட்டிருப்பான். அதே தங்கம் திசம்பர் இறுதியில் 4,500 டாலரைக் கடந்தது! மூன்றரைக் கிராம் வாங்கி அலமாரியில் வைத்தவன், அக்டோபரில் ஒரு நாள் முகம் சுளித்து, திசம்பரில் சிரித்திருப்பான். திரையிலே 39 பவுன் சுமந்தவனுக்குத் திசம்பர் வரை காத்திருக்கும் உரிமையே இல்லை. அவன் கணிப்பு தோற்கவில்லை, அவன் சுமை அவனைத் தோற்கடித்தது.

"காத்திருக்க விட்டிருந்தால்?" என்று கேட்கும் தோழர் உண்டு. அங்கேயும் ஒரு பொறி. இரவைக் கடந்து வைத்திருந்தால் வட்டி உண்டு, 'ஸ்வாப்' என்கிறார்கள். வட்டி கட்டிய 500-க்கா? அன்று, சுமக்கும் 43,500-க்கு! ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு என்று கொண்டாலும் ஓர் இரவுக்கு ஏழு டாலருக்கு மேல், மாதத்திற்கு 217 டாலர். விலை அசையாமலே நின்றாலும் இரண்டு திங்களில் முதலை ஏறக்குறைய முழுதும் வட்டி விழுங்கிவிடும். ஊர்க் கந்துவட்டிக்காரர்கூட வெட்கப்படும் கணக்கு இது.

வட்டிக்கு அஞ்சி, ஒரே நாளில் வாங்கி விற்பவன் தப்புகிறானா? வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே தரகர் வைக்கும் இடைவெளி இருக்கிறதே! அவுன்சுக்கு 30 காசு என்றால், அந்த டாலர்க் காசில் பத்து அவுன்சுக்கு மூன்று டாலர். நாளொன்றுக்குப் பத்து முறை வாங்கி விற்றால் 30 டாலர். வென்றாலும் தோற்றாலும், 500-இல் நூற்றுக்கு ஆறு ஒரே நாளில் தரகருக்குச் சேர்ந்துவிட்டது.

நட்டத்தை நிறுத்தும் ஆணையை முன்கூட்டியே போட்டு வைக்கலாம் என்பார்கள். போடலாம். மிக அருகில் போட்டால் சிறு அசைவே அதைத் தொட்டுவிடும். தள்ளிப் போட்டால் பிணை தாங்காது. அன்றியும், 2021 ஆகத்து 9 அன்று, ஆசியச் சந்தை விழித்த வேளையில், சில நிமிடங்களில் தங்கம் நூற்றுக்கு நான்கு அளவுக்குச் சரிந்தது. அத்தகைய சரிவிலே ஆணை கேட்ட விலைக்கு நிறைவேறாது, கிடைத்த விலைக்கே நிறைவேறும்.

இது நம்மூர் இளைஞனின் அறியாமை என்று எண்ணிவிடாதீர்கள். கற்றறிந்த ஐரோப்பாவிலும் இதே கதைதான். அங்குள்ள பங்குச்சந்தை மேற்பார்வை ஆணையம், இவ்வகை வணிகத்தில் சிறு முதலீட்டாளர் கணக்குகளில் நூற்றுக்கு 74 முதல் 89 வரை நட்டத்தில் முடிவதை எடுத்துக்காட்டி, 2018-இல் தங்கத்திற்கான கடன் வசதியை இருபது மடங்குக்குள் அடக்கிற்று. அங்கே இருபது, இங்கே வந்து ஆசை காட்டுகிறவர்கள் தருவது நூறும் ஐந்நூறும்!

சட்டப்படியான முன்பேர வணிகம் நம் நாட்டில் இல்லாமற் போகவில்லை. 1962 நவம்பரில் தங்கத்தில் தடை செய்யப்பட்டு, 2003-இல் மீண்டும் திறக்கப்பட்ட வணிகம் அது. எம்.சி.எக்ஸ். சந்தையில், செபியின் கண்காணிப்பில் நடக்கிறது. ஒரு கிராம் ஒப்பந்தமும் அங்கே உண்டு. அங்கும் கடன் வசதியின் கூர்மை கூர்மைதான், நட்டம் வராது என்று யாரும் உறுதி சொல்லவில்லை. ஆனால் வாங்குபவனுக்கு எதிரே விற்பவன் ஒருவன் உண்டு, நடுவே சந்தை நிற்கிறது. அயல்நாட்டுத் திரைத் தரகரிடமோ பல வேளைகளில் எதிரே நிற்பவர் தரகரே! நம் ஆணை எந்தச் சந்தைக்கும் போவதில்லை, அவர் ஏட்டிலேயே கிடக்கிறது. நாம் இழப்பதுதான் அவர் ஈட்டுவது. நூற்றுக்கு எண்பது பேர் தோற்பார்கள் என்று தெரிந்தவர், எதற்காக அந்த ஆணையை வெளியே அனுப்பப் போகிறார்?

அனுமதியற்ற இத்தகைய தளங்களின் பெயர்ப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்டது. முதற்பட்டியலில் 34 பெயர்கள், பின்னர் மேலும் சேர்க்கப்பட்டன. பட்டியலில் இல்லை என்பதாலேயே அனுமதி பெற்றது என்று பொருள் இல்லை என்பதையும் அவ்வங்கியே சொல்லியிருக்கிறது. அயல்நாட்டுத் தரகரிடம் பிணை கட்டப் பணம் அனுப்புவதை நம் அந்நியச் செலாவணி விதிகள் ஏற்கவில்லை. அதனாலன்றோ, பணம் திரும்ப வராதபோது, புகார் சொல்லவும் வாய் திறக்காமல் பலர் வீட்டுக்குள் அழுகிறார்கள்! அஞ்ச வேண்டா என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைத்தால், போன பணம் கைமாறுமுன் வங்கியில் முடக்கப்படும் வாய்ப்பாவது உண்டு. நாட்கள் கடந்தால் அதுவும் இல்லை.

மற்றொன்று. இந்த வலைக்கு ஆள் சேர்ப்பவர் எங்கிருந்தோ வருவதில்லை. நம் தெருவில், தேநீர்க் கடையில், "தம்பி, நான் சொல்லும் நேரத்தில் வாங்கு, நான் சொல்லும் நேரத்தில் விற்றுவிடு" என்று தோளில் கைபோடும் அண்ணனாகவே வருகிறார். அவரிடம் இலாபக் கணக்கைக் கேட்காதீர்கள், திரையில் எதையும் காட்டுவார். "அண்ணே, தரகர் உங்களுக்குத் தருவது என் இலாபத்தில் பங்கா, நான் வாங்கி விற்கும் ஒவ்வொரு முறைக்கும் கமிஷனா?" என்று மட்டும் கேளுங்கள். ஒவ்வொரு முறைக்கும் என்றால், நாளைக்குப் பத்து முறை வாங்கு என்று அவர் ஏன் சொன்னார் என்பது விளங்கிவிடும்.